துறைமுகத்தில் நிற்கும் கன்டெய்னருக்கு ஏன் அபராதம்?

கப்பலிலிருந்து இறங்கிய கன்டெய்னரை எடுக்கத் தாமதித்தால் வருவது டெமரேஜ். எடுத்துப்போய்ச் சரக்கை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியைத் திருப்பித் தராமல் வைத்திருந்தால் வருவது டிடென்ஷன். இரண்டுக்கும் முதல் சில நாட்கள் இலவசம். அது முடிந்ததும் ஞாயிறு, விடுமுறை எல்லாம் பெரும்பாலும் கணக்கில் சேரும். நாள் ஆக ஆக விகிதமும் ஏறும்.

ஒரு கற்பனைக் கணக்கு. 1ஆம் தேதி பெட்டி இறங்குகிறது, 5 நாள் இலவசம். சரக்கைப் பெறக் கப்பல் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டிய அசல் பில் ஆஃப் லேடிங் கூரியரில் தாமதமாக வந்ததால், பெட்டியை எடுக்க அனுமதிக்கும் டெலிவரி ஆர்டர் 11ஆம் தேதிதான் கிடைக்கிறது. மறுநாளே லாரி தயார். ஆனால் டெர்மினல் 14ஆம் தேதிக்குத்தான் நேரம் ஒதுக்குகிறது. 6 முதல் 10 வரை நாளுக்கு 80 டாலர், பிறகு 160 என்றால், டெமரேஜ் 400 + 640 = 1,040 டாலர்.

வெளியே வந்த பெட்டிக்கு 15 முதல் 19 வரை இலவசம். 19ஆம் தேதி காலிப் பெட்டியோடு போன லாரியை, இடமில்லை என்று யார்டு திருப்பி அனுப்புகிறது. கடைசியில் 25ஆம் தேதிதான் வாங்கிக்கொள்கிறது. 6 நாள் டிடென்ஷன், நாளுக்கு 60 வீதம் 360 டாலர்.

இதில் எதை எதிர்க்கலாம்? கூரியர் தாமதம் நம் பக்கத்துத் தவறு, அதற்கு வாதாடிப் பயனில்லை. 13, 14 தேதிகளின் 320 டாலரையும், டிடென்ஷன் 360 முழுவதையும் கேட்கலாம். மொத்த பில்லையும் மறுப்பதைவிட இப்படி நாள்வாரியாகப் பிரித்துக் கேட்பவருக்குத்தான் பதில் கிடைக்கும் என்பது என் எண்ணம். ஆதாரம் அன்றன்றைக்கே எடுக்க வேண்டும்: நேரம் கிடைக்கவில்லை என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட், யார்டு மறுத்த மின்னஞ்சல், லாரி வாசலில் நின்ற நேரம். மாதம் கழித்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. டெமரேஜைக் கட்டாமல் பெட்டி பொதுவாக வெளியே வராது. அதனால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துவிட்டுக் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்பதுதான் வழி.

பில்லுக்கும் ஆட்சேபத்துக்கும் எழுதிவைத்த காலக்கெடு இருப்பது அமெரிக்காவில் மட்டும்தான் என்று சொல்ல முடியாது; ஆனால் அங்கே விதி தெளிவு. 2024 மே 28 முதல், கட்டணம் விழுந்த கடைசி நாளிலிருந்து 30 நாளுக்குள் கப்பல் நிறுவனம் பில் அனுப்ப வேண்டும், இலவச நாட்கள் தொடங்கி முடிந்த தேதிகள் அதில் இருக்க வேண்டும். ஆட்சேபிக்கக் குறைந்தது 30 நாள் தர வேண்டும்.

அந்த முதல் 400 டாலரைத் தவிர்க்க சரக்கு கிளம்பும் முன்பே வழி இருந்தது. விற்பவர் நம்மை நம்புகிறார் என்றால் அசல் காகிதமே தேவைப்படாத சீ வேபில் கேட்டிருக்கலாம். சரக்கு அதிகமுள்ளவர் கப்பல் கட்டணம் பேசும்போதே இலவச நாட்களையும் கூட்டிக் கேட்கலாம். பெட்டி இறங்கிய பிறகு அதைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.