இரவு மூன்று மணிக்கு நிரம்பும் கிடங்கு

தூக்கம் சரியில்லை என்று சொல்லி என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர் அவர். முப்பதுகளின் நடுவில் இருப்பவர், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். தூக்கக் குறைபாட்டோடு வருபவர்களிடம் வழக்கமாகக் கேட்பதைப் போல, படுக்கும் நேரம், இடையில் விழிக்கும் நேரம், எழும் நேரம் மூன்றையும் இரண்டு வாரம் குறித்துவரச் சொன்னேன். அவர் கொண்டுவந்த தாளில் 14 இரவுகளில் 11 இரவுகள் 2.50க்கும் 3.15க்கும் இடையில் விழித்ததாகக் குறித்திருந்தார். தூக்கம் தானாகக் கலைபவர்களுக்கு விழிப்பு பெரும்பாலும் ஒரு நாள் ஒரு மணிக்கும் மறுநாள் நாலு மணிக்குமாக முன்பின்னாக வரும். இவருடையதோ கடிகாரம் வைத்தது போல இருந்தது. கேட்டபோது சற்றுத் தயங்கிவிட்டு, "வைப்ரேஷனில் அலாரம் வைத்திருக்கிறேன் மேடம், கேமில் கிடங்கு நிரம்பிவிடும்" என்றார்.

அவர் விளையாடியது ஓர் ஐடில் கேம். ஆடுபவர் அதிகம் ஒன்றும் செய்யாமலேயே ஓடிக்கொண்டிருக்கும் வகை விளையாட்டு இது. முதலில் திரையைத் தட்டித் தட்டி ஏதோ ஒரு பொருளைச் சேர்ப்போம். சேர்த்ததைக் கொண்டு அதைத் தானாக உற்பத்தி செய்யும் ஓர் இயந்திரத்தை வாங்குவோம். பிறகு அந்த உற்பத்தியைக் கொண்டு இன்னும் பெரிய இயந்திரம். எண்கள் ஆயிரத்திலிருந்து கோடிக்கும் அதற்கு மேலும் வளரும். 2013இல் வெளிவந்த குக்கி கிளிக்கர் இந்த வகையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. அதில் ஒரு கட்டடத்தை வாங்கினால் அதே வகையில் அடுத்ததன் விலை 15 சதவீதம் கூடும். ஐந்து வாங்குவதற்குள் விலை இரட்டிப்பாகிவிடும். விலை ஏறிக்கொண்டே போவதும், வருமானம் அதைத் துரத்திப் பிடிப்பதும்தான் இந்த விளையாட்டுகளின் அடிப்படை.

வேலை முடிந்து வருபவருக்கு இது இதமாக இருப்பதில் வியப்பில்லை. பணிக்குப் பிந்தைய மீட்சியை ஆராய்ந்த சபீன் சோனென்டாக், சார்லோட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007இல் அதை நான்கு அனுபவங்களாகப் பிரித்தார்கள்: மனம் வேலையிலிருந்து விலகுவது, உடலும் உள்ளமும் தளர்வது, ஏதோ ஒன்றில் தேர்ச்சி பெறுவது, தன் நேரத்தைத் தானே தீர்மானிப்பது. ஐடில் கேம் இந்த நான்கையும் சிறிய அளவில் தருகிறது. அலுவலகத்தில் ஒரு நாள் முழுவதும் உழைத்தும் எதுவும் நகரவில்லை என்ற உணர்வோடு வருபவருக்கு, கண்ணெதிரே நகரும் ஓர் எண் உண்மையாகவே ஆறுதல் தரும். பெரிய விளையாட்டுகளில் தோற்கலாம். இங்கே தோல்வி என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. அதனால் இந்த விளையாட்டுகளை நிறுத்திவிடுங்கள் என்று நான் யாரிடமும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை.

நான் கேட்பது ஒன்றைத்தான்: அதை எப்போது திறப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? மேலே சொன்ன நான்கில் கடைசி அனுபவம், நேரத்தின் மீதான உரிமை, முதலில் கைநழுவிப் போகிறது. அது போனபின் மற்ற மூன்றும் நெடுநாள் நிற்பதில்லை.

அந்த உரிமையை எடுத்துக்கொள்ளும் உறுப்பு பெரும்பாலும் கிடங்கின் கொள்ளளவுதான். ஆப்பை மூடிய பிறகும் உற்பத்தி நடக்கும் விளையாட்டுகளில் பலவற்றில் அது வரம்பின்றி நடப்பதில்லை. இத்தனை மணி நேரத்துக்கான உற்பத்தி மட்டுமே சேரும், அதன் பிறகு நின்றுவிடும். அந்த வரம்பு ஒரு நாளாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் வாழ்க்கையோடு அது மோதாது. காலையில் ஒருமுறையோ இரவில் ஒருமுறையோ திறந்து எடுத்துக்கொண்டால் போதும். நம்மவர் விளையாட்டில் வரம்பு நான்கு மணி நேரம். காலை 7, 11, பிற்பகல் 3, மாலை 7, இரவு 11 என்று அவருடைய நாள் நான்கு நான்கு மணி நேரமாகத் துண்டாகியிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் நடந்தால் மேசைக்குக் கீழே போனைத் திறப்பார். இரவு 11 மணிக்குச் சேகரித்துவிட்டுப் படுத்தால் 3 மணிக்கு நிரம்பிவிடும். அவர் தூங்கும் எட்டு மணி நேரத்தில் பாதி "வீணாகிறது" என்பதுதான் அவரை எழுப்பியது.

இங்கே வேலை செய்வது இழப்புணர்வு. கிடைக்கக்கூடியதன் மீதுள்ள ஆசையைவிட, கையில் இருப்பது போகிறதே என்ற பதைப்பு வலியது. நிரம்பிய கிடங்கு உண்மையில் யாரிடமிருந்தும் எதையும் எடுப்பதில்லை. ஆயினும் திரையில் சிவப்புப் புள்ளியோடு அது காட்டப்படும் விதம், ஏதோ கொட்டிப் போவது போன்ற உணர்வைத் தருகிறது.

அதனால் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் அவருக்கு அது பிடித்தும் இருந்தது. இரவு எழாமல் விட்டால் 24 மணி நேரத்தில் 4 மணி நேர உற்பத்தி போகும், அதாவது ஆறில் ஒரு பங்கு. கேட்கப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அவருடைய விளையாட்டிலும் இயந்திரத்தை ஒவ்வொரு நிலை உயர்த்தும்போதும் விலை 15 சதவீதம் ஏறியது. விலை இப்படிப் பெருக்கலில் ஏறும்போது, மொத்தச் செலவில் பெரும்பகுதியைக் கடைசிச் சில நிலைகளே விழுங்கிவிடும். கையிருப்பு ஆறில் ஒரு பங்கு குறைந்தால் குறைவது ஒன்றேகால் நிலை சொச்சம்தான். மூன்று மணிக்கு எழுந்தவர் 100ஆம் நிலையில் இருக்கும்போது, தூங்கியவர் ஏறத்தாழ 98இல் இருப்பார். உற்பத்தி சற்றுக் குறைவதால் வரும் தொடர் விளைவைச் சேர்த்தால் இன்னும் ஓரிரு நிலைகள் பின்தங்கலாம், அவ்வளவே. அவர் தாளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இரண்டு நிலைக்காகவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கணக்கு புரிந்ததும் பழக்கம் போய்விடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அப்படிப் போவதுமில்லை. ஆனால் அடுத்து நான் சொல்லப்போகும் பயிற்சிக்கு அவர் சம்மதித்தது அந்தத் தாளால்தான்.

எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்பதை மட்டும் வைத்து இந்த நிலையைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் ஒரு நாளில் செலவிட்டது மொத்தம் நாற்பது நிமிடம் கூட இல்லை. வார இறுதியில் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஆடிவிட்டு, மூடியபின் அதை நினைத்தும் பார்க்காத ஒருவரைவிட இவருக்குத்தான் தொந்தரவு அதிகம். ஆகவே நான் கவனிப்பது மூடிய பிறகு நடப்பதை. ஆட்டத்தை மூடியதும் மனம் அமைதியாகிறதா, அல்லது அடுத்து எப்போது திறக்க வேண்டும் என்று எண்ணத் தொடங்குகிறதா? ஒரு நாள் திறக்க முடியாமல் போனால் "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று தோன்றுகிறதா, எரிச்சல் வருகிறதா? திறக்கும் கணத்தில் மகிழ்ச்சி இருக்கிறதா, கடமையை முடித்த நிம்மதி மட்டுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நம்மவர் சொன்ன பதில் என் நினைவில் நிற்கிறது: "நான் இப்போதெல்லாம் ஆடுவதில்லை மேடம், காலி செய்கிறேன்."

எதிர்பாராத பரிசு இன்னொரு கொக்கி. குக்கி கிளிக்கரில் தொடக்கத்தில் 5 முதல் 15 நிமிடத்துக்குள் எப்போதாவது ஒரு தங்கக் குக்கி தோன்றி, 13 விநாடிகளில் மறைந்துவிடும். எப்போது வரும் என்று தெரியாத பரிசு, குறித்த நேரத்தில் வரும் பரிசைவிட ஆளை அதிகம் கட்டிப்போடும் என்பதை ஸ்கின்னரின் சோதனைகளிலிருந்தே உளவியல் அறியும். அந்த விளையாட்டில் தங்கக் குக்கியைத் தவறவிட்டால் பெரிய பாதகமில்லை. அதே உத்தியை, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளோடு சேர்க்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. கிளிக்கர் ஹீரோஸ் என்ற இன்னோர் ஐடில் கேமை உருவாக்கியவர்கள், அதன் அடுத்த பாகத்தில் ஆட்டத்துக்குள்ளேயே காசுக்குப் பொருள் விற்கும் முறையைக் கைவிடுவதாக 2017இல் அறிவித்தார்கள். தாங்க முடியாத அளவுக்குச் செலவழிப்பவர்கள் குறித்த சங்கடமும் அதற்கு ஒரு காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். உருவாக்குபவர்களே இதை அறிந்திருக்கிறார்கள் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது; 2022 தொடக்கத்திலிருந்து அது நடைமுறையில் உள்ளது. கட்டுப்பாடு இழப்பது, வாழ்வின் மற்ற ஈடுபாடுகளைவிட விளையாட்டு முந்துவது, பாதிப்பு வந்தபின்னும் தொடர்வது ஆகிய மூன்றும் இருந்து, அன்றாட வாழ்வு கணிசமாகக் குலைந்து, பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். நம்மவர் அந்த வரையறைக்குள் வரவில்லை. அவருக்கு நான் அந்தப் பெயரைச் சூட்டவும் இல்லை. கோளாறு என்று சொல்லக்கூடிய எல்லைக்கு வெகு முன்பே தூக்கம் கெடலாம் என்பதைத்தான் அவரிடம் சொன்னேன்.

பயிற்சி எளிமையானது. முதலில் அந்த விளையாட்டின் நோட்டிஃபிகேஷன்கள் எல்லாவற்றையும் அணைத்தார். பிறகு ஒரு விடுமுறை நாளில், விழித்திருக்கும் நேரத்திலேயே, கிடங்கு நிரம்பும்வரை காத்திருந்து, நிரம்பியபின் எடுக்காமல் இருக்க வேண்டும். பதற்றத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 0 முதல் 10 வரையிலான எண்ணால் குறிக்க வேண்டும். நிரம்பிய கணத்தில் 7 என்று எழுதியிருந்தார். இருபதாவது நிமிடத்திலும் 7. ஐம்பதாவது நிமிடத்தில் 3. பதற்றம் ஏறிக்கொண்டே போகாது, தானே இறங்கும் என்பதை உடல் அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை வாயால் விளக்கிப் பயனில்லை. இதை நான்கு முறை செய்தபின்தான் இரவு அலாரத்தை எடுக்கச் சொன்னேன். முதல் நாளே இரவில் தொடங்கினால், தூக்கக் கலக்கத்தில் மனம் எளிதில் தோற்றுவிடும்.

இடையில் ஒரு சறுக்கல் வந்தது. ஐந்து நாள் சிறப்புப் போட்டி ஒன்றை விளையாட்டு அறிவித்தது. விளையாட்டுக்குள் அவர் சேர்ந்திருந்த குழுவினர் புள்ளிகள் கேட்டார்கள். இரண்டு இரவுகள் மறுபடி அலாரம் வைத்தார். எண்களைவிட மனிதர்களை மறுப்பது கடினம். ஆகவே குழுவிலிருந்து விலகுவது என்று அவராகவே முடிவெடுத்தார். மற்றவர்களுக்கு ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறினார்.

அலாரம் போன பிறகும் ஏறத்தாழ பத்து நாட்கள் அவருக்கு மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. பழகிய உடல் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் இப்போது கையில் போன் இல்லை. அந்த இருட்டில் அவர் எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்டபோதுதான், மாத இறுதிக் கணக்கு முடிப்பில் தனக்கு நேர்ந்த ஒரு பிழையையும், அதை மேலதிகாரியிடம் இன்னும் சொல்லாமல் இருப்பதையும் முதல்முறையாகப் பேசினார். அது நான்கு மாதங்களுக்கு முன் நடந்தது. மூன்று மணி அலாரம் தொடங்கியதும் ஏறத்தாழ அப்போதுதான். அடுத்த இரண்டு சந்திப்புகளில் நாங்கள் விளையாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பிழையை எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்த்தோம். இப்போது அவர் வேறொரு ஐடில் கேம் ஆடுகிறார், கிடங்கு வரம்பு இல்லாதது, இரவு உணவுக்குப் பின் ஒருமுறை.