கருத்துரை கோரல்: ‘கருத்து’ கேட்டால் கருத்துதான் வரும்

எழுதி முடிக்காத ஒரு ஆவணத்தை நாலு பேரிடம் கொடுத்து, இன்ன தேதிக்குள் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதற்குத் தமிழில் என்ன பெயர்? அலுவலகப் பேச்சில் ‘டிராஃப்ட் அனுப்பியிருக்கேன், ஃபீட்பேக் குடுங்க’ என்று முடித்துவிடுகிறோம். தமிழில் எழுத வேண்டி வந்தால் பின்னூட்டம், கருத்துரை, மதிப்புரை என்று கைக்கு வந்ததைப் போடுகிறோம். மூன்றும் வெவ்வேறு வேலைகள்.

ஃபீட்பேக் வானொலிப் பொறியாளர்களின் சொல். ஒரு கருவியிலிருந்து வெளியே வந்தது, திரும்ப அதன் உள்ளேயே போவது. கோயில் கொடை விழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்தால் ‘ஊய்ங்’ என்று ஊரே காதைப் பொத்துமே, அதுதான். பின் + ஊட்டம் என்று அதை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள், நல்ல ஆக்கம். ஆனால் பொருளைக் கவனித்தால், வெளியே போன பிறகு திரும்பி வருவதற்கே அது பொருந்தும். அச்சான புத்தகத்தைப் படித்தவர் சொல்வது பின்னூட்டம். இன்னும் வெளியே போகாத வரைவுக்கு அது சரிப்படாது. மதிப்புரையும் அப்படியே, வெளிவந்த நூலுக்கு உரியது.

‘வரைவு’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அகப்பாடல்களில் வரைவு என்றால் திருமணம். ‘எப்போது மணந்துகொள்வாய்’ என்று தோழி தலைவனை நெருக்குவது வரைவு கடாதல். டிராஃப்டுக்கு நாம் எடுத்துக்கொண்டது கோடு இழுக்கிற ‘வரை’. டிராஃப்டின் வேரும் இழுத்தல்தான் என்பதால் பொருத்தம் நன்றாகவே அமைந்துவிட்டது. வரைவைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்காக நெருக்குகிறவர்களுக்குத் தோழியின் நிலைமை புரியும்.

சரி, கருத்துரைக்கு வருவோம். நன்னூல் பாயிரம் உரையின் இலக்கணமாகப் பதினான்கைச் சொல்கிறது. அதில் பாடத்துக்கு அடுத்து வருவது கருத்து. அங்கே கருத்து என்பது நூற்பா என்ன சொல்ல வருகிறது என்பதன் சாரம்; உரைகாரர் என்ன நினைக்கிறார் என்பது அல்ல. இன்றைக்கு அது தலைகீழாகிவிட்டது. ‘உங்க கருத்து என்ன?’ என்றால் படித்தவருடைய எண்ணத்தைத்தான் கேட்கிறோம். இந்த வழுக்கலில் நானே விழுந்திருக்கிறேன்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ஊருக்காகக் குளத்துப் பாசனம் பற்றி 24 பக்கத்தில் சிறு கையேடு எழுதினேன். வரைவை மூன்று பேருக்கு அனுப்பி, ‘படித்துவிட்டு விரைவில் தங்கள் மேலான கருத்தைத் தெரிவிக்கவும்’ என்று எழுதினேன். தமிழாசிரியர் சந்திப்பிழைகளை எல்லாம் சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தார். ஓய்வுபெற்ற பொறியாளர் ‘மிக நன்று’ என்று ஒரு வரி அனுப்பினார். குளத்துப் பாசனத்தில் வயல் வைத்திருக்கிற அண்ணாச்சியிடமிருந்து பதிலே இல்லை. அந்த வாரம் அவர் ஊரில் கொடை. அச்சாகி வந்த பிறகு பார்த்தால், தண்ணீர் குறைந்த காலத்தில் தண்ணீர் விடும் முறை கீழ மடையிலிருந்து தொடங்கும் என்று 6ஆம் பக்கத்திலும், மேல மடையிலிருந்து தொடங்கும் என்று 17ஆம் பக்கத்திலும் இருந்தது. அண்ணாச்சியிடம் கேட்டேன். “17ஆம் பக்கம் தப்புன்னு அன்னைக்கே தெரியும். நீங்க கேட்டது கருத்துல்லா, தம்பி? முறை சரியான்னு கேக்கலயே” என்றார்.

இரண்டாம் பதிப்புக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதினேன். என்ன கேட்பது என்பதற்கு நன்னூலிலேயே சொற்கள் இருக்கின்றன. நூலின் பத்துக் குற்றங்கள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். வரைவைப் பார்க்கிறவரிடம் கொடுக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. விட்டுப்போனது உண்டா என்று கேட்டால் அது குன்றக் கூறல். முன்னுக்குப் பின் முரணா என்றால் மாறுகொளக் கூறல். இரண்டு பொருள் படுகிறதா என்றால் மயங்க வைத்தல். பத்தையும் ஒருவர் தலையில் கட்டினால் ஒன்றும் நடக்காது. ஒருவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பொறியாளருக்கு மாறுகொளக் கூறல், தமிழாசிரியருக்கு மயங்க வைத்தல் என்று பிரித்தேன். அண்ணாச்சிக்கு எழுதியது இது:

“இது மூன்றாம் வரைவு. தாங்கள் 6, 9, 17 ஆகிய பக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். அரைமணி நேரம் ஆகும். மடை திறக்கும் வரிசை நம் குளத்து வழக்கப்படி இருக்கிறதா? கார், பிசானம் இரண்டு போகத்துக்கும் முறை ஒன்றுதானா? எழுத்துப்பிழையைப் பார்க்க வேண்டாம், அதற்கு வேறொருவர் இருக்கிறார். தப்பான இடத்தில் பென்சிலால் சுழித்தால் போதும், நான் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஜூன் 20 வெள்ளிக்கிழமை மாலைக்குள் வேண்டும். 25ஆம் தேதி அச்சகத்துக்குப் போகிறது. அதற்கு மேல் மாற்ற முடியாது.”

‘பார்க்க வேண்டாம்’ என்ற வரிக்குத்தான் அதிகப் பலன். அது இல்லாவிட்டால் யாருடைய கண்ணும் முதலில் எழுத்துப்பிழையில்தான் போய் விழும், ஏனென்றால் அதுதான் எளிது. மூன்றாம் வரைவு என்று சொன்னதும் சும்மா இல்லை. அமைப்பையே மாற்றச் சொல்லும் யோசனைக்கு முதல் வரைவில் இடம் உண்டு, மூன்றாவதில் கிடையாது.

தேதிக்குக் ‘கெடு’ என்ற சொல் இருக்கிறது. வட்டிக்காரர் வாயில் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, உதவி கேட்கும் கடிதத்தில் எனக்கு அது வரவில்லை. ‘கடைசி நாள்’ போதும். ‘விரைவில்’ என்பது தேதியே அல்ல. அச்சகத்துக்குப் போகும் நாளுக்கும் கடைசி நாளுக்கும் நடுவே ஐந்து நாள் விட்டது திருத்துவதற்காக. கொடையும் நடவும் வருகிற வாரங்களைத் தள்ளி நாள் குறித்தேன். 18ஆம் தேதி ஒருமுறை நினைவூட்டினேன். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதாகச் சிலர் எழுதுவார்கள். வாக்கிய நடைக்கு அது சரி. மடை வரிசை மாதிரித் தகவலுக்கு அது ஆகாது, நேரில் போய்க் கேட்க வேண்டியதுதான்.

வரைவுக்குக் கேட்பதை இனி ‘கருத்துரை கோரல்’ என்றே எழுதலாம் என்பது என் எண்ணம். 1969 ஏப்ரல் 7 அன்று, பிற்பாடு இணையமாக வளர்ந்த கணினி வலையமைப்புக்கான முதல் குறிப்பை ஸ்டீவ் கிராக்கர் எழுதியபோது வைத்த ‘ரிக்வெஸ்ட் ஃபார் காமென்ட்ஸ்’ என்ற பெயருக்கும் இதுதான் பொருள். கட்டளை மாதிரித் தோன்றக் கூடாது என்றே அப்படிப் பெயரிட்டதாக அவர் பின்னாளில் சொன்னார். அந்தத் தொடரின் மூன்றாம் குறிப்பு, மெருகைவிடக் காலத்தோடு வருவதே மேல் என்றும், ஒரே வாக்கியமானாலும் போதும் என்றும் சொல்கிறது. ஆனால் கருத்துரை கோரல் தலைப்புக்கு மட்டும். கடிதத்துக்குள்ளே முரண், விடுபாடு, ஐயம், திருத்தம் என்று எது வேண்டுமோ அந்தச் சொல்லையே போட வேண்டும்.

அண்ணாச்சி 19ஆம் தேதியே தாளைத் திருப்பிக் கொடுத்தார். 9ஆம் பக்கத்தில் நான் சரி என்று நம்பியிருந்த இன்னொரு வரியும் சுழிக்கப்பட்டிருந்தது. தமிழாசிரியர் கேட்டதைப் பார்த்ததோடு, ‘மறுகால்’ என்பதைக் ‘கலிங்கு’ என்று மாற்றினால் எல்லா ஊருக்கும் புரியும் என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார். குளம் நிறைந்தால் எங்கள் ஊரில் மறுகால்தான் பாயும். நன்றி சொல்லிவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டேன்.