கடைக்காரரிடம் விளம்பர வீடியோ எடுக்கும் வாய்ப்பு கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதும்போது

ஆற்காடு, ராணிப்பேட்டை, வேலூர் பக்கம் தனியாக வீடியோ எடுப்பவர்கள் கடைகளுக்கு அனுப்பும் மெசேஜ் பெரும்பாலும் இப்படி இருக்கிறது: “வணக்கம் சார், ரீல்ஸ், டிரோன், போஸ்டர், லோகோ எல்லாம் குறைந்த விலையில் செய்து தருகிறோம். ஒரு லட்சம் வியூஸ் கேரண்டி.” இதற்குப் பதில் வருவது அபூர்வம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று சந்தேகம் இருக்கும்: மொத்தம் எவ்வளவு ஆகும், எவ்வளவு நேரம் வியாபாரத்தை மறிப்பார்கள், பிறகு வேறு ஏதாவது பணம் கேட்பார்களா? மூன்றுக்குமே அந்த மெசேஜில் விடை இல்லை.

ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கும் ஒரு ஸ்வீட் கடையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கடைக்கு எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி:

“வணக்கம் சார். உங்கள் கடை மக்கன் பேடாவை உடைத்தால் உள்ளே தெரியும் முந்திரி, பாதாம்தான் அதன் அழகே. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அது தெரியும் வீடியோ ஒன்றும் இல்லை. தலா 20 விநாடி ஓடும் மூன்று வீடியோ எடுத்துத் தருகிறேன். மொத்தம் 7,500 ரூபாய், முன்பணம் 3,000. காலையில் இரண்டு மணி நேரம் போதும், வாடிக்கையாளர் யாரையும் நிறுத்த மாட்டேன். பத்து பேடா மட்டும் தேவைப்படும். ஐந்து நாளில் தருவேன், இரண்டு முறை திருத்தம் சேர்த்து. விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமுக்குக் கட்டும் பணம் இதில் சேராது. நான் எடுத்த ஒரு ஸ்வீட் கடை வீடியோ கீழே.”

முதல் வரியில் அந்தக் கடைக்கே உரிய ஒன்று இருக்க வேண்டும். நோட்டிஃபிகேஷனில் கண்ணுக்குப் படுவது அவ்வளவுதான். பத்து பேடா ஏன்? உடைக்கும் காட்சி ஒரே டேக்கில் அமைவதில்லை. ஸ்பூன் சரிந்தால் பூரணம் கலைந்துவிடும். பாகிலிருந்து எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மேலே இருக்கும் பளபளப்பும் மங்கிவிடும், மறுபடி புதிதாக ஒன்று வேண்டும். இதை முன்கூட்டியே எழுதிவிட்டால், படப்பிடிப்பு நடுவில் சரக்கு கேட்டு முகம் சுளிக்க வைக்க வேண்டியதில்லை.

வியூஸ் வாக்குறுதியை எடுத்துவிடுங்கள். அது நம் கையில் இல்லை. கோயம்புத்தூரில் பார்த்தவரால் ஆற்காடு கடைக்கு என்ன லாபம்? கடையைச் சுற்றிப் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் தூரம் வைத்துக் கொடுக்க முடியும். அந்த அமைப்பைச் செய்து தருவேன் என்று சொல்வது நேர்மையான வாக்கு.

அதிகம் தவறு நடப்பது பாட்டு விஷயத்தில்தான். “டிரெண்டிங் பாட்டு போட்டுத் தருகிறேன்” என்று பலர் மெசேஜிலேயே எழுதுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் கிடைக்கும் சினிமாப் பாட்டுகள் தனிநபர் பயன்பாட்டுக்கு உரிமம் பெற்றவை. வியாபாரக் கணக்குக்கு அந்தப் பட்டியல் பெரும்பாலும் குறைத்தே காட்டப்படும். அப்படிப்பட்ட சினிமாப் பாட்டு சேர்த்த ரீலைப் பணம் கட்டி “பூஸ்ட்” செய்ய முயன்றால் இன்ஸ்டாகிராம் தடுத்துவிடும். பாட்டு நிறுவனம் புகார் செய்தால் ஒலி நிறுத்தப்படலாம், வீடியோவே நீக்கப்படலாம். தீபாவளி வாரத்தில் அப்படி ஆனால் கடைக்காரரின் கோபம் உங்கள் மேல்தான் வரும், அது நியாயமும்கூட. மெட்டா தரும் Sound Collection-இல் உள்ள இசை வியாபாரப் பயன்பாட்டுக்கும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அந்த அனுமதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்குத்தான். யூடியூபில் போட வேண்டுமென்றால் வேறு உரிமம் பார்க்க வேண்டும். இதைவிட நல்ல வழி, கடையின் சத்தத்தையே பதிவு செய்வது: பேடா எண்ணெயில் பொரியும் சத்தம், தராசுத் தட்டில் வைக்கும் சத்தம். “பாட்டு உரிமைத் தொல்லை இல்லாத இசைதான் போடுவேன்” என்ற ஒரு வரி மெசேஜில் இருந்தால், முன்பு இதில் அடிபட்ட கடைக்காரர் உடனே கவனிப்பார்.

மாதிரி வீடியோ ஒன்று போதும், அதுவும் அதே வகைக் கடையுடையதாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து மங்கலாகத் தெரியும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் குறையாது, ஆனால் கடைக்காரர் டவுன்லோடு செய்துதான் பார்க்க வேண்டும். அதனால் இன்ஸ்டாகிராம் லிங்க் அனுப்புவதே சுலபம்.

அனுப்பும் நேரமும் முக்கியம். ஸ்வீட் கடைக்கு மாலை ஐந்துக்கு மேல் கூட்டம். மதியம் இரண்டரையிலிருந்து நான்கு வரை கல்லாவில் ஆள் ஓய்வாக இருப்பார். ஒரே மெசேஜை ஐம்பது கடைக்கு ஒட்டி அனுப்பாதீர்கள். பெறுபவர்கள் புகார் செய்தால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கிவிடலாம். பதில் வராவிட்டால் மூன்று நாள் கழித்து ஒரே ஒரு முறை, “சார், நாளைக்கு அந்தப் பக்கம் வருகிறேன், ஐந்து நிமிடம் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். போகும்போது கடையின் விளக்கில் போனை வைத்து ஒரு சின்ன வீடியோ எடுத்துப் பாருங்கள். படத்தில் கோடு கோடாக ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைக்க வேண்டியிருக்கும்; அதை அன்றைக்கே தெரிந்துகொண்டால் காலை இரண்டு மணி நேரம் வீணாகாது.