நைஸ் எண் கூடினால் சிபியுவில் என்ன குறைகிறது?

லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகைக் கணினியில் ஒரு நிரலை `nice -n 19` என்று, அதாவது நைஸ் எண் 19 கொடுத்து ஓட்டினால் அது மெதுவாகத்தான் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். சும்மா கிடக்கும் கணினியில் அப்படி ஓட்டிப் பாருங்கள், சிபியுவை முழுசாக எடுத்துக்கொள்ளும். போட்டிக்கு இன்னொரு நிரல் வந்தால்தான் நைஸ் எண்ணுக்கு வேலை. அதன் வீச்சு -20 முதல் 19 வரை. எண் கூடக் கூட அந்த நிரல் அதிகமாக விட்டுக்கொடுக்கும். சாதாரணப் பயனர் தன் நிரலின் எண்ணைக் கூட்டத்தான் முடியும், குறைக்க ரூட் உரிமை வேண்டும்.

யாருக்கு அடுத்த வாய்ப்பு என்பதைப் பழைய யூனிக்ஸ் நைஸை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. 4.4பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பின் கணக்கு இது:

```
முன்னுரிமை = 50 + p_estcpu/4 + 2 × nice
```

இங்கே எண் சிறிதாக இருப்பவருக்கே முதலிடம். நடுவில் இருக்கும் `p_estcpu`, அந்த நிரல் அண்மையில் எவ்வளவு சிபியு தின்றது என்பதன் மதிப்பீடு. நொடிக்கு 100 முறை கடிகாரம் தட்டும். ஒவ்வொரு தட்டலின்போதும் எந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதன் கணக்கில் 1 ஏறும், உச்சவரம்பு 255. இப்படி ஏற்றிக்கொண்டே போனால் ஒருமுறை அதிகம் ஓடிய நிரல் என்றைக்கும் எழுந்திருக்க முடியாது. அதனால் நொடிக்கு ஒருமுறை பழைய கணக்கில் ஒரு பகுதியைக் கெர்னல் தள்ளுபடி செய்கிறது:

```
p_estcpu = p_estcpu × (2 × load)/(2 × load + 1) + nice
```

ஒரு கம்பைலர் இடைவிடாமல் ஓடுகிறது, பக்கத்தில் ஓர் எடிட்டர் விசை தட்டலுக்காகக் காத்துத் தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நைஸ் 0. ஓடிக்கொண்டிருக்கும் நிரலையும் ஓடுவதற்குக் காத்திருக்கும் நிரல்களையும் சேர்த்த சராசரி எண்ணிக்கையே load. இங்கே அது 1, ஆகவே நொடிக்கு மூன்றில் இரண்டு பங்கு கணக்கு மிஞ்சும். கம்பைலரின் மதிப்பீடு 255ஐத் தொடும், தள்ளுபடியில் 170க்கு இறங்கும், திரும்ப ஏறும். முன்னுரிமை எண் 113க்கும் 92க்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும். எடிட்டரோ 5 நொடி தூங்கினாலே அதன் பழைய கணக்கில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். எண் 50ஐ ஒட்டி வந்துவிடும். நீங்கள் ஒரு விசையைத் தட்டியதும் எடிட்டர் எழுந்து கம்பைலரை ஓரங்கட்டும். இதில் நைஸுக்கு ஒரு பங்கும் இல்லை, பாருங்கள். நைஸ் தேவைப்படுவது கம்பைலர் மாதிரியே சிபியு தின்னும் இன்னொரு நிரல் எதிரே நிற்கும்போதுதான்.

அப்போது யாருக்கு எத்தனை சதவீதம்? பிஎஸ்டி சூத்திரத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நைஸ் இரண்டு இடத்தில் நுழைகிறது, load-ஐப் பொறுத்துத் தள்ளுபடியும் மாறுகிறது, 255 என்ற உச்சவரம்பு வேறு குறுக்கே நிற்கிறது. கூட்டல் சூத்திரத்தின் தொல்லை இது.

லினக்ஸ் 2007இல், 2.6.23 பதிப்பில் வந்த சிஎஃப்எஸ் என்ற புதிய சிபியு திட்டமிடலில், கூட்டலைப் பெருக்கலாக மாற்றியது. நைஸ் 0 என்றால் எடை 1024. ஒவ்வொரு படிக்கும் எடை ஏறத்தாழ 1.25 மடங்கு குறையும்: நைஸ் 5க்கு 335, 10க்கு 110, 19க்கு 15. போட்டியிடும் நிரல்களின் எடை விகிதமே சிபியுவின் பங்கு. 6.6 பதிப்பில் திட்டமிடும் முறையே மாறியபோதும் இந்த எடைகள் அப்படியே தங்கிவிட்டன. சரி, ஒரே கோரில் இரண்டு வெற்றுச் சுழற்சிகளை ஓட்டிப் பார்க்கலாம்:

```
taskset -c 0 sh -c 'while :; do :; done' &
taskset -c 0 nice -n 10 sh -c 'while :; do :; done' &
top
```

1024க்கு எதிரே 110. `top` காட்டும் பங்கு முதலாவதற்கு 90 சதவீதத்தை ஒட்டியும் இரண்டாவதற்கு 10ஐ ஒட்டியும் இருக்கும். `taskset` இல்லாவிட்டால் ஆளுக்கொரு கோர் கிடைத்து இரண்டுமே 100 காட்டும். நைஸ் 0, 5 என்று கொடுத்தாலும் 5, 10 என்று கொடுத்தாலும் பங்கு ஏறத்தாழ 75க்கு 25தான். இடைவெளி மட்டுமே கணக்கு. முந்தைய லினக்ஸில் இப்படி இல்லை. அங்கே நைஸ் 0க்கு 100 மில்லி நொடி, 1க்கு 95, 18க்கு 10, 19க்கு 5 என்று நேரத் துண்டு கிடைத்தது. அதே ஒரு படி ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை, இன்னோரிடத்தில் இரண்டு மடங்கு!

இதே சோதனையை இரண்டு தனித்தனி டெர்மினலில் செய்தால் சில கணினிகளில் 50க்கு 50 வரும், நைஸ் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். ஒவ்வொரு டெர்மினல் அமர்வையும் லினக்ஸ் ஒரு குழுவாக்கி முதலில் குழுக்களுக்குள் சமமாகப் பிரிப்பதுதான் காரணம். நைஸ் குழுவுக்குள்ளே மட்டும் செல்லும். `/proc/sys/kernel/sched_autogroup_enabled` கோப்பில் 1 இருந்தால் இந்த வசதி இயங்குகிறது என்று பொருள். அப்போது நிரலை விட்டுவிட்டு, அதன் குழுவுக்கே நைஸ் கொடுக்க வேண்டும்:

```
echo 10 > /proc/<pid>/autogroup
```