‘நியாயமான வேலைநிறுத்தம்’ என்று எழுதாதீர்கள்

சங்க வகுப்பு ஒன்றில் ஒரு தொழிலாளி கேட்டார்: “எங்க கோரிக்கை நியாயம்தானே தோழர், அப்புறம் எப்படி ஸ்டிரைக் சட்டவிரோதமாகும்?” அவர் கையில் இருந்த துண்டறிக்கையில், ‘லீகல் ஸ்டிரைக்’ என்பதை ‘நியாயமான வேலைநிறுத்தம்’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். இந்தப் பிழையைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

‘ஸ்டிரைக்’ கப்பலிலிருந்து வந்த சொல். 1768இல் லண்டன் மாலுமிகள் பாய்களை இறக்கிவிட்டு வேலையை நிறுத்தினார்கள். பாயை இறக்குவதற்குப் பெயர் ‘ஸ்டிரைக்’. நம்முடைய ‘வேலைநிறுத்தம்’ பார்த்தவுடன் புரிகிற நல்ல சொல். சிக்கல் அதற்கு முன்னால் ஒட்டும் அடைமொழியில்தான்.

1948 நவம்பர் 1 அன்று சென்னை கர்நாடிக் மில்லில் இரவு ஷிப்ட் தொழிலாளர்கள் சில மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். சூரிய கிரகணத்துக்கு அரைநாள் விடுமுறை தரவில்லை என்பது காரணம். அன்று நெசவாலைத் தொழில் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று அறிவிக்கப்பட்டிருந்ததால் முன்னறிவிப்பு கட்டாயம், அவர்கள் கொடுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலைநிறுத்தம் சட்டவிரோதம், அதனால் தொடர்ச்சியான பணி அறுந்தது, சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் போனது என்று தீர்ப்பானது. கிரகணத்துக்கு விடுமுறை கேட்டது நியாயமா என்பதை வைத்து இது முடிவாகவில்லை. நோட்டீஸ் இல்லை, அவ்வளவுதான்.

நியாயம் தனிக் கேள்வி. வேலைநிறுத்த நாட்களுக்குச் சம்பளம் வேண்டுமென்றால், அது சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1978இல் கிராம்டன் கிரீவ்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டுக்கும் ‘நியாயமான’ என்றே போட்டால் அந்தத் தீர்ப்பைத் தமிழில் எப்படி எழுதுவது? ‘நியாயமானதாகவும் நியாயமானதாகவும்’ என்றா?

சிலர் ‘முறையான’ என்கிறார்கள். அமைதியாக, ஒழுங்காக நடந்த போராட்டம் என்றுதான் அது காதில் விழும். அமைதியாக நடந்ததும் சட்டவிரோதமாகலாம். ‘சட்டப்படியான வேலைநிறுத்தம்’ என்பதே சரி. கேட்டவுடன் ‘எந்தச் சட்டப்படி?’ என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டியதும் அதுதான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் நோட்டீஸ் கொடுத்து 14 நாட்கள் கழிய வேண்டும், 60 நாட்களுக்குள் தொடங்க வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிந்து 7 நாட்கள் வரையிலும் தொடங்கக் கூடாது.

தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து முதலாளியிடம் சம்பளமும் வேலை நிபந்தனைகளும் பேசுவதே ‘கூட்டு பேரம்’. அது கொச்சை என்று ‘கூட்டுக் கலந்துரையாடல்’ எழுதுபவர்களிடமும் இதே கோளாறுதான். சந்தையில் விலை படியாவிட்டால் எழுந்து போகலாம் என்பதால்தான் அது பேரம். தொழிலாளி அப்படி எழுந்து போவதே வேலைநிறுத்தம். கலந்துரையாடலில் அதற்கு இடமேது?