ஸ்கேல்: ஏணியா, கோலா, அளவையா?

அக்கா மகள் பினாங்கில் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். புவியியல் பாடத்துக்காக ஒரு நிலவரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "மாமா, ஸ்காலாவுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். அளவுகோல் என்றேன். "அது கோடு போடுகிற கட்டை அல்லவா?" என்றாள். தமிழ்நாட்டில் அந்தக் கட்டையையே ஸ்கேல் என்பார்கள் என்று சொல்லி அவளை மேலும் குழப்ப விரும்பவில்லை.

மலாயின் ஸ்காலாவும் ஆங்கிலத்தின் ஸ்கேலும் ஒரே மூலத்தில் போய் முடிகின்றன. லத்தீனில் 'ஸ்காலா' என்றால் ஏணி. வரைபடத்தின் ஓரத்தில் சம இடைவெளிகளில் வெட்டுப் போட்டுக் கிடக்கும் பட்டையைப் பாருங்கள், படுக்க வைத்த ஏணிதான். (தராசைக் குறிக்கும் ஸ்கேல் வேறு சொல். அதன் வேர் கிண்ணத்தைக் குறிக்கும் பழைய வட ஐரோப்பியச் சொல்.)

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வரைபட 'அளவை' என்றும், இலங்கை நூல்கள் 'அளவுத்திட்டம்' என்றும் எழுதுகின்றன. 1:50,000 என்ற விகிதத்துக்குத் தமிழ்நாட்டில் 'பிரதி பின்னம்' என்று பெயர். சொல் சரிதான், ஆனால் கேட்டவுடன் பொருள் விளங்காது. என் விருப்பம், விகிதத்துக்கு 'அளவை', பட்டைக்கு 'அளவுகோல்'. சோழர் கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோலுக்கு 'உலகளந்த கோல்' என்று பெயர். அதைத் தாளில் வைக்கும் அளவுக்குக் குறுக்கினால் இந்தப் பட்டை கிடைக்கும்.

இரண்டையும் தனித்தனிச் சொல்லால் ஏன் குறிக்க வேண்டும் என்பது அன்று மாலையே தெரிந்தது. அவள் பினாங்குப் பாலத்தை அளந்துகொண்டிருந்தாள். 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலம் அது. கடல்மேல் செல்லும் பகுதி 8.4 கிலோமீட்டர். 1:50,000 என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 50,000 சென்டிமீட்டர், அதாவது அரை கிலோமீட்டர். ஆகவே பாலம் தாளில் 16.8 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்ததோ 11.9. பாதியாக்கினால் ஆறு கிலோமீட்டர்கூட வரவில்லை. "பாலம் சுருங்கிவிட்டதா மாமா?"

சுருங்கியது தாள். நகல் கடையில் ஏ3 வரைபடத்தை ஏ4 தாளில் அடக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது நீளங்கள் எல்லாம் ஏறத்தாழ 71 விழுக்காடாகக் குறையும். ஓரத்தில் அச்சிட்ட எண்ணோ அப்படியே நிற்கும். அந்த நகலின் உண்மையான அளவை ஏறத்தாழ 1:70,700. ஆனால் எண்ணுக்குக் கீழே உள்ள அளவுகோலும் படத்தோடு சேர்ந்தே சுருங்கியிருந்தது. மூலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர், நகலில் 1.4. நகல் வரைபடம் கைக்கு வந்தால் முதலில் அளவுகோலில் ஒரு கிலோமீட்டரை அளந்து, அச்சிட்ட விகிதத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். பொருந்தவில்லையென்றால் எண்ணை மறந்துவிட்டுக் கோலை மட்டும் நம்புவேன்.

கோலை வைத்து அளக்க ஒரு தாள் துண்டு போதும். அதன் நேரான விளிம்பைப் பாலத்தின்மீது வைத்து, இரு கரைகளிலும் பென்சிலால் குறித்தாள். பிறகு துண்டை அளவுகோலுக்குக் கொண்டுபோய், கோலின் இடது நுனியில் ஆரம்பித்தாள். எல்லோரும் செய்யும் தவறு இது. பல வரைபடங்களில் சுழியம் இடது நுனியில் இருக்காது, சற்று உள்ளே தள்ளி இருக்கும். சுழியத்துக்கு வலப்பக்கம் முழுக் கிலோமீட்டர்கள், இடப்பக்கம் ஒரே ஒரு கிலோமீட்டர், அதுவும் நூறு நூறு மீட்டராகப் பத்துத் துண்டுகள். நுனியில் தொடங்கி வலப்பக்க எண்ணைப் படித்தால் ஒரு கிலோமீட்டர் காணாமல் போய்விடும்.

அவள் வரைபடத்தில் வலப்பக்கம் நான்கு கிலோமீட்டர்தான் இருந்தது. அதனால் துண்டின் ஒரு முனையிலிருந்து நான்கு கிலோமீட்டரைக் கழித்து அங்கே ஒரு குறியிட்டோம். மீதியின் வலது குறியை 4இல் நிறுத்தினோம். இடது குறி சுழியத்தைத் தாண்டி நான்காவது சிறு துண்டில் விழுந்தது. நான்கும் நான்கும் எட்டு, கூடவே 400 மீட்டர். பாலம் பழைய நீளத்துக்குத் திரும்பியது.

அடுத்துப் பினாங்குக் கொடிமலை ரயிலை அளக்க வேண்டும் என்றாள். அங்கே கோலும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லும். வரைபடம் தரையை மேலிருந்து பார்க்கிறது, ஏற்றத்தின் நீளம் அதற்குத் தெரியாது. தண்டவாளத்தின் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 700 மீட்டர். செங்கோண முக்கோணமாக்கிக் கணக்கிட்டால் வரைபடத்தில் தெரியும் நீளம் 1.87 கிலோமீட்டர். ஏறக்குறைய 130 மீட்டரை மலை தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பிதாகரஸ் தேற்றத்தை இன்னும் பள்ளியில் நடத்தவில்லை என்று சொல்லி அவள் தாளை மடித்துவிட்டாள்.