மயிர்க்கலம்: சொல்லும் பொருளும்

கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் நெடுங்காலம் இயந்திரத்தோடு நின்று வேலை செய்த முதியவர் ஒருவர், தமது செவிப்புலப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உட்செவியின் மயிர்க்கலங்கள் அழிந்துவிட்டன என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். "மாஸ்டர், தலைமயிர் உதிர்ந்தாலே திரும்ப முளைக்குது. காதுக்குள்ள இருக்கிறது ஏன் முளைக்காது? எண்ணெய் காய்ச்சி விட்டுப் பார்க்கட்டோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பிழை அவருடையதன்று, சொல்லினுடையது.

செவியின் உறுப்புகளுக்குப் பெரும்பாலும் தோற்றத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். நடுச்செவியின் மூன்று சிற்றென்புகளை நம் பாடநூல்கள் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்கின்றன. மூன்றாவதைத் தமிழகத்தார் அங்கவடி என்பது இன்னும் பொருத்தமானது, ஏனெனில் அந்த என்பு குதிரைச் சேணத்தின் அங்கவடியைப் போலவே இருக்கிறது. கொக்கிளியா என்ற இலத்தீன் சொல், நத்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஏறத்தாழ இரண்டரைச் சுற்றாகச் சுருண்டு கிடக்கும் அந்தக் குழாய்க்கு நத்தைச்சுருள் என்பதைவிட நல்ல தமிழ்ப்பெயர் வேண்டியதில்லை.

மயிர்க்கலம் என்ற பெயரும் தோற்றத்திலிருந்தே பிறந்தது. நத்தைச்சுருளின் அடித்தள மென்சவ்வின் மேல் அமர்ந்திருக்கும் கேள்வியங்கத்தை இத்தாலியரான அல்போன்சோ கோர்ட்டி 1851இல் விவரித்தார், அவர் பெயராலேயே அது இன்றும் கோர்ட்டியின் அங்கம் எனப்படுகிறது. ஒளி நுணுக்குக்காட்டியில் அதன் குறுக்குவெட்டைப் பார்த்தால், நடுவில் முக்கோண வடிவில் ஒரு சுரங்கம் தெரியும். சுரங்கத்துக்கு உட்புறமாக, அதாவது சுருளின் நடு அச்சுப் பக்கமாக, குடுவை போன்ற ஒரேயொரு கலம் இருக்கும். இது அகமயிர்க்கலம். வெளிப்புறத்தில் உருளை வடிவான மூன்று கலங்கள் தாங்கு கலங்களின் மேல் வரிசையாக நிற்கும். இவை புறமயிர்க்கலங்கள். எல்லாவற்றின் உச்சியிலும் குட்டையான மயிர் நறுக்கி ஒட்டியது போல ஒரு விளிம்பு தெரிவதால்தான் இந்தப் பெயர் வந்தது. மேலே கூரை மென்சவ்வு தூக்கி நிற்பதைக் கண்டு மாணவர்கள் குழம்புவதுண்டு, அது இழையம் பதப்படுத்தப்படும்போது சுருங்குவதால் வரும் பிழைத்தோற்றம். உயிருள்ள செவியில் புறமயிர்க்கலங்களின் மிக நீண்ட முனைகள் அந்தச் சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

அந்த விளிம்பு உண்மையில் மயிர் அன்று. தலைமயிர் என்பது இறந்த கலங்களின் கெரற்றின், தோலிலுள்ள வேர்க்குழியிலிருந்து வளர்வது. இங்கே இருப்பதோ உயிருள்ள கலத்தின் மேற்பரப்பே விரல்போல் நீண்ட உறுப்பு. அறிவியல்மொழி அதற்கு இட்ட ஸ்டீரியோசிலியா என்ற பெயரிலும் அதே வழுவுதான். அதன் பின்பாதி கண்ணிமை மயிரைக் குறித்த இலத்தீன் சொல், தமிழில் பிசிர் என்கிறோம். ஆனால் உண்மையான பிசிருக்குள் நுண்குழாய்கள் இருக்கும், இவற்றுக்குள் இருப்பது நெருக்கமாகக் கட்டிய அக்டின் இழைகள். ஆகவே கட்டமைப்பின்படி இவை குடற்கலங்களில் நாம் காணும் நுண்சடைமுளைகளின் இனத்தவை.

அக்டின் இழைகள் இந்த முளைகளை விறைப்பாக வைத்திருக்கின்றன, அந்த விறைப்பில்தான் கேட்டலே நிகழ்கிறது. முளைகள் படிக்கட்டுப்போல் உயர வரிசையில் நிற்கின்றன. குட்டையானதன் நுனியிலிருந்து அடுத்த நெட்டையானதன் பக்கத்துக்கு ஒரு மிக மெல்லிய இழை ஓடுகிறது. ஒலியால் சவ்வு அசைந்து முளைகள் நெட்டையானதன் பக்கம் சாயும்போது அந்த இழை இழுபட, வாயில் திறந்து பொற்றாசியம் அயன்கள் உள்ளே பாய்கின்றன. அகமயிர்க்கலம் அதை நரம்புக்குச் சொல்கிறது. புறமயிர்க்கலமோ நீண்டு சுருங்கி, மெல்லிய ஒலியின் அசைவைப் பெருக்கிக் கொடுக்கிறது. ஒரு செவியில் அகமயிர்க்கலங்கள் ஏறத்தாழ 3,500, புறமயிர்க்கலங்கள் ஏறத்தாழ 12,000. பெரிய இரைச்சலில் முதலில் சாய்பவை பெரும்பாலும் புறமயிர்க்கலங்களே.

முதியவரின் வரைபடத்தில் அந்தக் கதை அப்படியே இருந்தது. அவருக்குக் கேட்கத் தொடங்கிய மிக மெல்லிய ஒலி 500 ஹேர்ட்ஸில் 20 டெசிபெல், 4,000 ஹேர்ட்ஸில் 60, 8,000இல் மீண்டும் 45. நடுவில் விழுந்த அந்தப் பள்ளம் இரைச்சல் விட்டுச்சென்ற அடையாளம். மற்றவர் குரல் கேட்டும் 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் பிடிபடாமற் போவதை, "கேக்குது, விளங்கேல்ல" என்று அவர் சொன்னதும் அதனோடு பொருந்தியது. பறவைகளில் இந்தக் கலங்கள் மீண்டும் உண்டாகும், முலையூட்டிகளின் நத்தைச்சுருளில் வளர்ந்த பின் உண்டாவதில்லை. எண்ணெயோ செவிப்பறையோடு நின்றுவிடும். பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்த் தீங்கே செய்யும்.

அப்படியானால் என்ன சொல்லலாம்? 'முளைக்கலம்' என்றால் மீண்டும் முளைக்கும் என்ற அதே எண்ணம் வரும். 'தண்டுக்கலம்' வேறொரு கலத்துக்குப் போய்விட்டது. பரீட்சையில் மயிர்க்கலம் இருக்கட்டும். நோயாளியிடம் 'கேட்புக்கலம்' என்று சொல்வதே நல்லது என்பது என் துணிபு. ஆனால் உட்செவியின் சமநிலை உறுப்புகளிலும் இதே வகைக் கலங்கள் இருப்பதால், அங்கே அந்தப் பெயர் செல்லாது. முதியவரிடம் நான் கேட்புக்கலம் என்றே சொன்னேன். எஞ்சியிருக்கும் அகக் கலங்களுக்கு ஒலியை உரப்பிக் கொடுப்பதே கேட்புக் கருவியின் வேலை என்பது அதன்பின் அவருக்குச் சட்டென்று விளங்கியது.